தயங்கியவருக்கு மதிப்பெண் குறைவு

புனேயின் ஹிஞ்சவடியில் வேலை தேடி வரும் மராத்தி வழிப் பட்டதாரியின் ஆங்கிலத்தைப் பல வேளைகளில் முதலில் மதிப்பிடுவது மனிதர் அல்லர், கணினி. இது பாரபட்சமற்றது என்கின்றன நிர்வாகங்கள். எதற்கு மதிப்பெண் தருகிறது என்று பார்த்தால் இந்தப் பெருமை நிலைக்காது.

அழைப்பு மையங்கள் ஆளெடுக்கப் பயன்படுத்தும் வெர்சண்ட் தேர்வு பியர்சன் நிறுவனத்தின் சரக்கு. நெடுங்காலம் வழங்கிய அதன் வடிவில், தேர்வர் கால் மணி நேரம் தொலைபேசியில் பேசுவார். வாக்கியங்களை வாசிப்பார், கேட்டதைத் திருப்பிச் சொல்வார், சிறுகதையைக் கேட்டு மீண்டும் கூறுவார். வாக்கியத் திறனுக்கு 30 சதவீதம், சொல்வளத்துக்கு 20, சரளத்துக்கு 30, உச்சரிப்புக்கு 20. ஆக, பாதி மதிப்பெண் என்ன சொன்னார் என்பதற்கல்ல, எப்படிச் சொன்னார் என்பதற்கே.

சரளத்தைக் கணினி கேட்டு உணர்வதில்லை. ஒலியைச் சொல் சொல்லாகப் பிரித்து, பதில் தொடங்கப் பிடித்த நேரத்தையும் பேச்சின் வேகத்தையும் இடைவெளி விழுந்த இடங்களையும் அளக்கிறது. முன்பு மனிதர் மதிப்பிட்ட குரல்பதிவுகளில் இந்த அளவுகள் எந்த மதிப்பெண்ணோடு சேர்ந்து வந்தனவோ, அதையே இவருக்கும் கணிக்கிறது.

இருவர் ஒரே கதையைச் சொல்வதாகக் கொள்வோம். ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர் ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார். மராத்தியில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்பவர் எதையும் விடாமல் கூறுகிறார். ஆனால் சரியான சொல்லைத் தேடி நடுவாக்கியத்தில் இருமுறை நிற்கிறார். சொல்வளத்தில் இருவரும் சமமாகலாம். சரளத்தில் இரண்டாமவர் சரிவார். அந்த மௌனம் அறியாமையா, நிதானமா என்று கணினிக்குத் தெரியாது.

இதனினும் வேடிக்கை இறுதிப் பகுதி. குடும்பம், சொந்த விருப்பம் பற்றித் தேர்வர் தம் கருத்தைச் சொல்லும் கேள்விகள் அங்கேதான் வருகின்றன. அவற்றுக்குக் கணினி மதிப்பெண்ணே இடுவதில்லை! குரலைச் சேமித்து வைப்பதோடு சரி.

தாய்மொழியே ஆங்கிலமானவரும் இதில் தப்புவதில்லை. 2017இல் ஆஸ்திரேலியாவில் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு முயன்ற அயர்லாந்துக் கால்நடை மருத்துவர் ஒருவர், அதே நிறுவனத்தின் மற்றொரு கணினித் தேர்வில், வாய்மொழிச் சரளத்தில் தேவையான 79க்கு 74 பெற்றுத் தோற்றார். பழுது இயந்திரத்தில் இல்லை, அரசு வைத்த வரம்பே உயர்வு என்றது நிறுவனம். அவராவது செய்தியானார், ஹிஞ்சவடியில் தோற்பவர் செய்தியாவதில்லை.

எழுத்திலும் இதே கதைதான். 1966இல் எல்லிஸ் பேஜ் தொடங்கிய கட்டுரைத் திருத்த முறை கருத்தை அளக்க இயலாமல், நீளம் போன்ற புற அடையாளங்களை அதற்குப் பதிலாக எண்ணியது. அதன் வழிவந்த கருவிகளைச் சோதிக்க, அமெரிக்கப் பேராசிரியர் லெஸ் பெரல்மன் பொருளற்ற ஆடம்பரக் கட்டுரைகளை உருவாக்கும் நிரல் ஒன்றை அமைத்தார். அவை உயர் மதிப்பெண் பெற்றன.

கணினி தள்ளிய ஒவ்வொரு பதிவையும் ஒரு மனிதர் கேட்க வேண்டும். மதிப்பெண் பிரிந்த விதத்தைத் தேர்வருக்குக் காட்ட வேண்டும். புனேயின் ஐடி ஊழியர் சங்கங்கள் இக்கோரிக்கையை முன்வைக்கலாம். பதிவுகள்தாம் ஏற்கெனவே சேமிப்பில் கிடக்கின்றனவே.