முதலில் ‘பொருள்’ வரட்டும்

பள்ளியில் விண்ணப்பம் எழுதப் பழகிய வரிசை நம் எல்லோருக்கும் மனப்பாடம்: அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள். அதன் பிறகுதான் கடிதம். லிங்க்ட்இன் தளத்தில் ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அலுவலருக்கு முதன்முறையாக எழுதுகிறவர்களில் பலர் இன்றும் இதே வரிசையில்தான் எழுதுகிறார்கள். உற்பத்தித் துறைக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவற்றை நான் முழுதாகப் படித்ததில்லை. எழுதியவர்கள் தகுதியற்றவர்கள் என்பதால் நேர்ந்ததல்ல அது. அவர்களுடைய தகுதி என் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

எங்கள் திரையில் என்ன தெரிகிறது என்று சொன்னால் விளங்கும். செய்திப் பெட்டியைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள் நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே செய்தியின் முதல் சில சொற்கள் மட்டும் தெரியும். “மதிப்பிற்குரிய அம்மையீர், இந்தச் செய்தி தங்களை நலமுடன்...” என்பதோடு வரி முடிந்துவிடும். அடுத்தவரும் அப்படியே, அதற்கடுத்தவரும் அப்படியே. கையில் பத்துப் பதினைந்து காலியிடங்களை வைத்துக்கொண்டு, அடுத்த அரைமணியில் மேலாளருக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டியவர் எதைத் திறப்பார்? காலியிடத்தின் பெயரோ எண்ணோ கண்ணில் படும் வரியைத்தான்.

இடமும் குறைவு. முன்பின் அறியாத ஒருவருக்கு இணைப்பு அழைப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்புக்கு, கட்டணக் கணக்கில்கூட இடைவெளி உட்பட 300 எழுத்துகள்தான். இலவசக் கணக்கில் அதைவிடக் குறைவு. மாதத்துக்கு இத்தனை என்ற வரம்பும் உண்டு. குறிப்போடு கோப்பு எதையும் இணைக்க முடியாது. அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அதே நபருக்கு மறுபடி அழைப்பு அனுப்பச் சுமார் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஆக, முதல் தடவையே சரியாக எழுதியாக வேண்டும். இணைப்பு இல்லாதவர்களுக்கும் எழுத உதவும் ‘இன்மெயில்’ என்ற கட்டண வழியில் இதைப்போல் பல மடங்கு இடம் உண்டு. ஆனால் இடம் இருக்கிறதே என்று நிரப்பினால் பழைய கடிதம்தான் திரும்பி வரும்.

சென்ற ஆண்டு தெரிந்த இளைஞர் ஒருவர் தன் செய்தியைத் திருத்தித் தரச் சொன்னார். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 6 ஆண்டு அனுபவம். வார்ப்புப் பாகங்கள் தரும் சப்ளையர்களின் தரத்தைக் கவனிக்கும் வேலை. புனேயில் அதே வேலைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து, நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்தும் இருந்தார். அவர் எழுதி வைத்திருந்த இன்மெயில் நான்கு பத்தி. முதல் பத்தி மரியாதை. இரண்டாவது, பொறியியல் பட்டம் முதல் இன்றுவரை வாழ்க்கை வரலாறு. மூன்றாவதில், அந்த நிறுவனத்தின் பெருமையை அந்த நிறுவனத்துக்கே எடுத்துச் சொல்லியிருந்தார். நான்காவதில் நேர்காணலுக்கு வாய்ப்பளிக்கும்படி வேண்டுகோள். எந்த வேலைக்கு என்பது மூன்றாம் பத்தியின் நடுவில் இருந்தது. நோட்டீஸ் காலம் எங்கேயும் இல்லை.

இரண்டாம் பத்தியை முதலில் எடுத்தோம். பெயரைத் தட்டினால் சுயவிவரப் பக்கம் திறக்கும். பட்டமும் பணிபுரிந்த இடங்களும் அங்கே இருக்கின்றன. பிறகு மூன்றாவது போயிற்று. மிஞ்சியதை வைத்து ஆங்கிலத்தில் அவர் எழுதிய குறிப்பின் தமிழ் வடிவம் இது:

“வணக்கம் மேடம். புனே சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு (எண் 4417) செவ்வாயன்று விண்ணப்பித்தேன். வார்ப்புப் பாகங்களில் 6 ஆண்டு அனுபவம். போன ஆண்டு ப்ளோ ஹோல் ரிஜெக்‌ஷனை 3.8 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைத்தேன். புனே வரத் தயார், நோட்டீஸ் 60 நாள். இந்த இடத்தை நீங்கள்தான் பார்க்கிறீர்களா?”

இதில் ப்ளோ ஹோல் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். ஆள்சேர்ப்பில் இருப்பவருக்கு வார்ப்பில் விழும் காற்றுக்குழியைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் சந்தேகம். தெரியாமல் இருக்கலாம், ஆனால் இந்தக் குறிப்பின் உயிர் அந்த வரிதான். நானும் என்னைப் போன்றவர்களும் வேலை கொடுப்பதில்லை. தரப்பிரிவு மேலாளரிடம் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே எங்கள் வேலை. எனக்குப் புரியாத வரியாக இருந்தாலும், அப்படியே நகலெடுத்து அவருக்கு அனுப்பிவிடலாம். அந்த மேலாளர் 1.1 என்ற எண்ணைப் பார்த்த கணமே, இவரோடு பேச வேண்டும் என்று நினைப்பார். “கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர்” என்பதை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போக முடியும்?

ஊர், நோட்டீஸ் இரண்டையும் சொல்வதற்குக் காரணம் வேறு. இந்தியாவில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். அவசரமாக ஆள் தேவைப்படும் இடத்தில், தேர்வான பிறகு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் மேலாளர் எங்களைத்தான் கோபித்துக்கொள்வார். அதனால் எங்கள் முதல் கேள்வியே அதுதான். கேட்பதற்குள் பதில் இருந்தால், இருவருக்கும் ஒரு நாள் மிச்சம்.

கடைசிக் கேள்வியின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. “வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்” என்றால் என்னால் உடனே பதில் சொல்ல முடியாது. விவரத்தைப் படித்து, எடைபோட்டு, ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பேன். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. “நீங்கள்தான் பார்க்கிறீர்களா?” என்றால் ஆம், இல்லை, இன்னார் பார்க்கிறார் என்று நின்ற நிலையில் பதில் எழுதலாம்.

சுருக்கம் என்றதும் “ஹாய் சார்” என்று மட்டும் அனுப்பிவிட்டு, மறுமொழி வந்தபின் விஷயத்தைச் சொல்லலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. “ஏதாவது வேகன்சி இருக்கா?” என்பதும் அதே வகைதான். இவற்றில் நீளம் குறைந்திருக்கிறது, ஆனால் எதிராளியின் வேலை கூடியிருக்கிறது. எந்த ஊர், என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று அவர்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற வேண்டும்.

எழுதப்படுபவர் கன்சல்டன்சிக்காரர் என்றால் இன்னொரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். அவர்களுக்கு ஆளைச் சேர்த்துவிட்டால் நிறுவனம் தரும் கூலி உண்டு. அது பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஒரே ஆளின் விவரம் இரண்டு கன்சல்டன்சி வழியாக ஒரே நிறுவனத்துக்குப் போய்விட்டால், கூலி யாருக்கு என்ற தகராறு வரும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கிவிடும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே “எந்த நிறுவனத்துக்கு என்று தெரிந்தபின் ரெஸ்யூமே அனுப்புகிறேன், ஏற்கெனவே நேரடியாக விண்ணப்பித்திருந்தால் சொல்லிவிடுகிறேன்” என்று முதலிலேயே எழுதுவது இருவருக்கும் நல்லது.

முழுக் கடிதத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகப் பணிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் கடிதம் கேட்கிறார்கள், படிக்கவும் செய்கிறார்கள். அங்கே சுருக்குவது தவறு. முறைப்படி விண்ணப்பிக்காமல் குறிப்பை மட்டும் அனுப்புவதும் பயன் தராது. நிறுவனத்தின் விண்ணப்பப் பதிவில் பெயர் இல்லாதவரை, நினைத்தாலும் அடுத்த கட்டத்துக்கு நகர்த்த முடியாது. என் வருத்தமெல்லாம் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகளைப் பற்றியது. ஒரு பக்கக் கடிதத்தின் மாதிரியை எல்லா மாணவருக்கும் கொடுக்கிறார்கள். எந்த வாசலில் அது செல்லும், எந்த வாசலில் செல்லாது என்று சொல்லித் தருவதில்லை. முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை.

ஒரகடத்து இளைஞருக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த அம்மையார் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும் சக ஊழியருக்குக் குறிப்பை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அடுத்த வாரம் தரப்பிரிவு மேலாளரிடமிருந்தே ஒரு கேள்வி வந்தது: ரிஜெக்‌ஷனை எப்படிக் குறைத்தீர்கள்? அச்சில் காற்று வெளியேறும் வழிகளை மாற்றச் சொல்லி சப்ளையரோடு நான்கு மாதம் மல்லுக்கு நின்ற கதையை அவர் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார்.