இரண்டு நாணயம், ஒரே பக்கம்

காலை ஐந்து மணிக்கு முன்பே மோட்டாரில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் இல்லாத தாமான் ஜொகூர் பாருவில் அரிது. சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில் வருகிறது, வீட்டுக் கடனும் பள்ளிச் செலவும் ரிங்கிட்டில் போகின்றன. இப்படிப்பட்ட குடும்பம் தன் நிதித் திட்டத்தை ஒரே தாளில் எழுத உட்கார்ந்தால் என்ன எழுத வேண்டும்? இந்த வாரம் ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

கணவருக்கு வயது 36. ஜூரோங்கில் டெக்னீஷியன். சாப்பாடு, பெட்ரோல் போக மாதம் 2,200 சிங்கப்பூர் வெள்ளி வீட்டுக்கு வருகிறது. மனைவி ஸ்கூடாயில் அலுவலகக் கிராணி, சம்பளம் 3,200 ரிங்கிட். இபிஎஃப், சொக்சோ பிடித்தம் போகக் கையில் 2,800. மகளுக்கு ஏழு வயது.

தாளின் முதல் வரி ஓர் எண்: எந்த விகிதத்தில் கணக்குப் போடுகிறோம்? 2024 பிப்ரவரியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட் 50 சென்னுக்கு மேல் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் அது 3 ரிங்கிட் 20 சென் அளவுக்கு இறங்கிவிட்டது. 2,200 வெள்ளி அனுப்புகிறவருக்கு ஏழே மாதத்தில் மாத வரவு 660 ரிங்கிட் குறைந்தது. வேலை அதேதான், சம்பளமும் அதேதான். பிப்ரவரி விகிதத்தை நம்பிப் புதுக் காருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தவணை ஒன்பது ஆண்டு வரைகூட நீளும். அதனால் மாற்றுக்கடையில் இன்று மாட்டியிருக்கும் எண்ணைத் தாளில் எழுத வேண்டாம். இந்தக் குடும்பம் 3 ரிங்கிட் என்று எழுதுகிறது. அதற்கு மேல் கிடைப்பது உபரி, அது நேராக முதல் இலக்குக்குப் போகும்.

இப்போது வரவு: கணவரிடமிருந்து 6,600, மனைவியிடமிருந்து 2,800, மொத்தம் 9,400 ரிங்கிட். செலவு: வீட்டுக் கடன் 1,900, கார் 780, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 700, மளிகையும் பில்களும் 2,300, பெற்றோருக்கு 500, காப்புறுதி 350. இவற்றோடு 300 ரிங்கிட்டுக்கு ஒரு தனி வரி உண்டு. சாலை வரி, கார் காப்புறுதி, பள்ளித் தொடக்கம், தீபாவளி எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவை. ஆண்டுக்கு 3,600 என்றால் மாதம் 300. இந்த வரி இல்லாத திட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது: அவசரப் பணத்தில் கை வைத்த மாதங்களைப் பாருங்கள். அவை ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதங்களாக இருந்தால் அது அவசரமே இல்லை, திட்டத்தில் எழுதாமல் விட்ட செலவு. எல்லாம் சேர்த்து 6,830. மீதி 2,570.

அந்த மீதியை மூன்று இலக்குகளுக்குப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தொகையும் தேதியும் உண்டு.

முதலாவது குறுகிய காலம், அவசரப் பணம். சிங்கப்பூர் வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது, வேலை போனால் அதுவும் போகும். சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டமோ இங்குள்ள முதலாளியிடம் வேலை செய்கிறவர்களுக்கானது. ஆகவே ஆறு மாதத்துக்குத் தாங்க வேண்டும். மொத்தச் செலவையும் ஆறால் பெருக்கத் தேவையில்லை, மனைவியின் 2,800 தொடர்ந்து வரும். 6,830-இல் அதைக் கழித்தால் மாதம் 4,030 துண்டு விழும். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 24,000. கையில் ஏற்கெனவே 9,000 இருக்கிறது. மீதி 15,000-ஐ மாதம் 1,000 வீதம் 15 மாதத்தில் சேர்க்கலாம். அதன்பின் அதே 1,000 சமையலறையை நீட்டிக் கட்டும் வேலைக்குப் போகும். 24 மாதத்தில் 24,000.

இரண்டாவது மகளின் மேற்படிப்பு. இன்னும் 11 ஆண்டு இருக்கிறது. இன்றைய விலையில் 60,000 போதும் என்று நினைக்கிறார்கள். ஆண்டுக்கு 3 விழுக்காடு விலை ஏறினால் அப்போது 83,000 வேண்டும். 132 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 630. இதை எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் போடுகிறார்கள். அதில் வரும் ஈவைக் கணக்கில் சேர்க்கவில்லை, விலை 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் அது கைகொடுக்கும்.

மூன்றாவதைத்தான் ஜொகூர் வீடுகளில் பெரும்பாலும் எழுதுவதில்லை: கணவரின் ஓய்வுக்காலம். மனைவியின் சம்பளத்தில் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 768 ரிங்கிட் யாரும் கேட்காமலே இபிஎஃப்புக்குப் போகிறது. பத்து ஆண்டில், ஈவு சேராமலே 92,160. அதிகச் சம்பளம் வாங்கும் கணவருக்கு இந்த வரி பூஜ்யம். சிங்கப்பூரின் சிபிஎஃப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஆனால் அவர் தானாகவே இபிஎஃப்பில் சுய சந்தா கட்டலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அனுமதி உண்டு. தாளில் மாதம் 900 என்று எழுதி, சம்பளம் வந்த மறுநாளே போகுமாறு செய்கிறார்கள்.

இதில் ஒரு கவனம் தேவை. 2024 மே 11 முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்கள் கட்டும் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: பெர்சாராஆனுக்கு 75 விழுக்காடு, செஜாஹ்தராவுக்கு 15, ஃப்ளெக்சிபலுக்கு 10. கடைசிக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் 900 கட்டினால் உறுதியாகப் பூட்டப்படுவது 675 மட்டுமே. ஃப்ளெக்சிபல் தொகையை ஓய்வுக்காலத்துக்கு ஒரு முறை, அவசரத்துக்கு ஒரு முறை என்று இரண்டு இடத்தில் எண்ணக் கூடாது. ஏதாவது ஓர் இடத்தில் எழுதுங்கள்.

1,000, 630, 900 என்று மொத்தம் 2,530. மீதி 40. நான்காவது இலக்குக்கு இடமில்லை என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது.

கடைசி வரி, விகிதம் 2 ரிங்கிட் 80 சென்னுக்கு இறங்கினால் என்ன செய்வது? மாதம் 440 குறையும். அவசரப் பணத்துக்கோ சமையலறைக்கோ போகும் 1,000-இலிருந்துதான் குறைப்போம், கல்வியையும் சேமநிதியையும் தொட மாட்டோம் என்று இப்போதே எழுதி இருவரும் கையெழுத்திடுகிறார்கள். பணம் குறைந்த மாதத்தில் உட்கார்ந்து பேசினால் முதலில் வெட்டப்படுவது யாரும் கேள்வி கேட்காத அந்த 900-தான்.

தாளின் பின்பக்கம் ஆண்டுச் சரிபார்ப்புக்கு. மார்ச் மாதம் வசதி. இபிஎஃப் ஈவு பெரும்பாலும் அதற்குள் அறிவிக்கப்பட்டிருக்கும், வருமான வரிக்காகக் காகிதங்களும் கையில் இருக்கும்.

1. ஒவ்வோர் இலக்கிலும் இன்று எவ்வளவு இருக்கிறது? தாளில் உள்ள வேகத்தில் போகிறதா?

2. கடந்த 12 மாதத்தில் கிடைத்த மிகக் குறைந்த விகிதம் எது? அது 3 ரிங்கிட்டுக்குக் கீழே போயிருந்தால் திட்ட விகிதத்தையும் இறக்குங்கள்.

3. அவசரப் பணத்தை எதற்காக எடுத்தோம்? மறுபடியும் வரக்கூடிய செலவா?

4. இபிஎஃப்பில் யார் பெயர் வாரிசாக இருக்கிறது? கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருந்தால், நீங்களே மாற்றும்வரை அதுதான் இருக்கும்.

5. மருத்துவக் காப்புறுதி முதலாளி கொடுத்தது மட்டும்தானா? வேலையோடு அதுவும் முடியும்.

6. இருவரின் சிசிஆர்ஐஎஸ் கடன் அறிக்கையையும் எடுங்கள். பேங்க் நெகாராவின் இணையத்தளத்தில் இலவசம். மறந்துபோன கிரெடிட் கார்டு பாக்கி இங்கேதான் தெரியும்.

7. மகளின் படிப்புக்கு இன்றைய கட்டணம் எவ்வளவு? 60,000 இன்னும் பொருந்துமா?

ஏழுக்கும் பதில் எழுதி முடிந்ததும் பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய தாளை அதன்மேல் வைத்துக் கோப்பில் போடுங்கள். மூன்றாவது ஆண்டில் எந்த எண் உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது, எது வெறும் ஆசையாகவே நிற்கிறது என்பதை அந்தத் தாள்கள் காட்டும்.