டெஃபர்டு டாக்ஸ்: லயபிலிட்டி ஓகே, அசெட்டைத்தான் உத்துப் பார்க்கணும்

பேலன்ஸ் ஷீட்ல ‘டெஃபர்டு டாக்ஸ் லயபிலிட்டி’ன்னு பார்த்ததும், கம்பெனி வரி பாக்கி வச்சிருக்குன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. பாக்கி எதுவும் இல்லைங்க. ஒரே வருஷத்துக்கு ஒரு கம்பெனிக்கு ரெண்டு லாபம் உண்டு: கம்பெனிச் சட்டப்படி ஒன்று, வருமான வரிச் சட்டப்படி இன்னொன்று. அந்த இடைவெளியோட கணக்குதான் இது.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தர கம்பெனியை கற்பனை பண்ணிக்கோங்க. 1.2 கோடிக்கு மெஷின் வாங்குது. ஆயுள் 15 வருஷம்னு வச்சு, புத்தகத்தில் வருஷத்துக்கு 8 லட்சம் தேய்மானம் எழுதுது. வருமான வரியில் 15 சதவீதம், அதாவது முதல் வருஷமே 18 லட்சம் கழிச்சுக்கலாம். தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 1 கோடின்னா, புத்தக லாபம் 92 லட்சம், வரிக்கான லாபம் 82 லட்சம். வரி தோராயமா 25 சதவீதம்னு வச்சுக்கிட்டா, இப்போ கட்டுவது 20.5 லட்சம். மீதி 2.5 லட்சம் டெஃபர்டு டாக்ஸ். ரெண்டும் சேர்ந்தால் 23 லட்சம், அதாவது 92 லட்சத்தில் சரியா 25 சதவீதம்.

வரியில் தேய்மானம் மிச்ச மதிப்பின் மேல்தான் கணக்காகும் என்பதால் வருஷா வருஷம் குறையும். ஆறாவது வருஷம் அது 8 லட்சத்துக்கும் கீழே இறங்கிடும். அங்கிருந்து கணக்கு திரும்பும். அன்னைக்கு தள்ளிப்போட்ட வரியை இனி கொஞ்சம் கொஞ்சமா கட்டணும். நடுவில் புது மெஷின் வாங்கிட்டே இருந்தால் இந்த லயபிலிட்டி குறையவே குறையாது. அது வளர்ற கம்பெனியோட லட்சணம், நான் கவலைப்பட மாட்டேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உங்க லீவ் என்கேஷ்மென்ட்டுக்கு கம்பெனி 4 லட்சம் ஒதுக்கினால் புத்தகத்தில் இந்த வருஷச் செலவு; வரியில், கையில் கொடுத்த வருஷம்தான் செலவு. அதனால் 1 லட்சம் டெஃபர்டு டாக்ஸ் அசெட். இதுவும் நியாயம்தான். (சட்டத்தை மீறினதுக்குக் கட்டுற அபராதம் வேற கதை. வரியில் என்றைக்குமே கழியாது, அதனால் டெஃபர்டு டாக்ஸும் கிடையாது.)

என் சந்தேகம் நஷ்டக் கம்பெனி மேலதான். 2 கோடி நஷ்டம் வருது. ‘நாளைக்கு லாபம் வந்தால் இதைக் கழிச்சுக்குவோம்’னு 50 லட்சத்தை அசெட்டாக எழுதினால், கடைசி வரியில் நஷ்டம் 1.5 கோடி ஆகிடும். ஒரு ரூபாய்கூட உள்ளே வரலை! வியாபார நஷ்டத்தை 8 வருஷத்துக்குள் பயன்படுத்தலைன்னா அதுவும் போச்சு.

ஏஎஸ் 22 இங்கே கறாரா இருக்கு: லாபம் வரும் என்பது கிட்டத்தட்ட நிச்சயமா இருக்கணும், நம்பும்படி ஆதாரமும் வேணும். மேனேஜ்மென்ட் போட்ட எக்ஸெல் புரொஜெக்ஷன் போதாது. ரத்து செய்தால் பெரிய நஷ்டஈடு கட்ட வேண்டிய எக்ஸ்போர்ட் ஆர்டர் மாதிரி ஏதாவது கையில் இருக்கணும். அப்படி எதுவும் நோட்ஸில் இல்லைன்னா, அந்த நஷ்டத்தை நான் 2 கோடின்னுதான் படிப்பேன்.