பால்தேநீரின் கௌரவமும் வெறுந்தேநீரின் கூச்சமும்

உடற்கொழுப்பைக் குறைக்க விரும்புபவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் வழங்கப்படுகிறது. தேநீர் வேளையில் நாசூக்காக மறுத்துவிடுங்கள் என்பதே அது. பதுளையின் எந்தக் கந்தோரிலேனும் ஒரு வாரம் வேலை செய்தவர் இதைச் சொல்லமாட்டார். இங்கே காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தட்டில் வருவது பாலும் சீனியும் ஏற்கெனவே கலக்கப்பட்ட தேநீர். கலந்துவிட்ட சீனியை எந்த நாசூக்காலும் பிரித்தெடுக்க முடியாது. குடிக்கவேண்டும், அல்லது கொண்டுவந்தவரின் முகம் வாடப் பார்க்கவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கோப்பையில் மூன்று தேக்கரண்டிச் சீனி, ஏறத்தாழ 60 கலோரி. இரண்டு கரண்டிப் பால்மா, ஏறத்தாழ 50. நாளுக்கு இரண்டு கோப்பை என்றால் 220 கலோரி. மாதத்தில் 22 வேலைநாட்களுக்கு 4840. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரிக்குச் சமம் என்பர். உடல் கணக்குப் புத்தகம்போல் நடந்துகொள்வதில்லை. மதியம் ஓர் அகப்பை சோறு கூடினால் மிச்சமெல்லாம் கரைந்துவிடும். ஆயினும் றோல்ஸையும் பற்றீஸையும் தொடாமலே, வெறும் கோப்பையில் இவ்வளவு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால் பிளேன்டீ கேட்டால் என்ன? இங்கேதான் உண்மையான கூச்சம் ஒளிந்திருக்கிறது. அது உணவு பற்றிய கூச்சமன்று, அந்தஸ்து பற்றியது. லயத்தில் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தைக் குடித்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். தோட்டத்திலிருந்து படித்து மேசைக்கு வந்தவனுக்குப் பால்தேநீர் ஏறிவந்த படியின் அடையாளம். விருந்தாளிக்கு வெறுந்தேநீர் கொடுப்பது வீட்டின் வறுமையைக் காட்டுவதாக இன்றும் எண்ணுகிறோம். உலகமே விலைகொடுத்து வாங்கும் ஊவாத் தேயிலையை, அது விளையும் மண்ணில், அதன் சுவையை மறைத்துக் குடிப்பதுதான் நமக்குக் கௌரவமாம்!

2021 இறுதியிலும் 2022 நெருக்கடியிலும் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. உணவகங்கள் பல பால்தேநீரையே நிறுத்தின. அதிகாரியும் எழுதுவினைஞரும் ஒரே சாயத்தைத்தான் குடித்தார்கள். யாருடைய மானம் போயிற்று? எல்லோரும் குடித்தபோது கூச்சம் இல்லை. ஆகவே மாற்றவேண்டியது ஒருவரின் வாயையன்று, தட்டின் ஏற்பாட்டை.

ஏற்பாடு எளிது. சாயம் ஒரு குடுவையில், பாலும் சீனியும் தனித்தனியே. அவரவர் கலந்துகொள்ளலாம், யாரும் யாரையும் மறுக்கவேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. தூளைக் கொதிக்கவைத்துக் குடுவையில் தூளோடு ஊறவிடுகிறார்கள். அந்தத் துவர்ப்புதான் மூன்று கரண்டிச் சீனியைக் கேட்கிறது. கோப்பைக்கு 2 கிராம் அளவில் தூளிட்டு, கொதித்த நீர் ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக் காலத்தின் நல்ல ஊவாத் தூளானால் குளிர்ந்த வாசனை தானாக மூக்கிலேறும். நாக்கு பழகாதவர் சிறு துண்டுக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கலாம். கருப்பட்டி மருந்து என்று யாரும் ஏமாறவேண்டாம். அதுவும் பெரும்பாலும் சீனியே, நீரிழிவுக்காரருக்கு உகந்ததன்று. 5 கிராம் துண்டு ஏறத்தாழ 20 கலோரி, கலந்த சீனி 60. இலாபம் அளவில் மட்டுமே.

ஏற்பாடு மாறாத இடத்தில், தேநீர் போடும் உதவியாளரிடம் முன்கூட்டித் தனியாகச் சொல்லுங்கள்: "அக்கா, எனக்கு மட்டும் சாயம், சீனி வேண்டாம்." மேசையில் அறிவிக்காதீர்கள். அறிவித்த நாள்முதல் உங்கள் வயிறு பொதுச்சொத்து. மாதத் தேநீர்ப் பணத்தை மட்டும் முழுமையாகக் கொடுங்கள். குறைத்தால் அது உடல்நலமாகத் தெரியாது, கஞ்சத்தனமாகவே தெரியும்.

தின்பண்டத்திலும் ஒரு மயக்கம் உண்டு. கிறீம் கிறாக்கரை நோயாளியின் உணவென்று நம்பி நாலைந்தை உண்கிறார்கள். நான்கு பிஸ்கட் நூறு கலோரிக்கு மேல் போய்விடும், பசியோ தீராது. அரைக்கோப்பை அவித்த கடலையும் ஏறத்தாழ அதே கணக்குத்தான். ஆனால் புரதமும் நாரும் மதியம்வரை தாங்கும். தாளிக்கும் எண்ணெயும் தேங்காய்ச் சொட்டும் கூடினால் மட்டும் அந்த நன்மை போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் கடலையை நீங்களே வாங்கிவந்து நடுவில் வையுங்கள். கொடுப்பவரை யாரும் "ஏன் சாப்பிடவில்லை" என்று கேட்பதில்லை. பிறந்தநாள் கேக்கைப் பாதியாகப் பிய்த்து அடுத்தவருக்கு நீட்டுங்கள், அதுவும் உபசாரமே.

நம் பாட்டிமார் வறுமையால் சாயம் குடித்தார்கள். நாம் விரும்பிக் குடித்தால் அது வறுமையாகாது. பாலைக் கொண்டு அந்தஸ்தை அளப்பவர் தம் இடுப்பையும் ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.