முறிவிலா வீதம் எதைச் சொல்லாமல் விடுகிறது?

2020 மே 28 அன்று காலையில் கேரளத்தில் மதுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஊரடங்கால் இரண்டு மாதங்கள் மூடிக் கிடந்த கடைகளின் முன் கூட்டம் திரளக்கூடாது என்பதற்காக, 'பெவ்க்யூ' என்னும் செயலியின் வழியே நேரம் பதிவு செய்து வருவோர்க்கு விற்பனை என அரசு முடிவு செய்திருந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில மதுபானக் கழகத்துக்காக, கொச்சியைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. முந்தைய நாள் இரவில் செயலி வெளியானது. பல இலட்சம் பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதைத் திறந்தனர். அவர்களுள் பலரும் கைப்பேசி எண்ணை இட்டுவிட்டு, ஒருமுறை கடவு எண் வருமெனக் காத்திருந்தனர். அது வரவில்லை. கடைகளில் டோக்கனைச் சரிபார்க்கும் பணியும் முதல் நாளில் பல இடங்களில் தடுமாறியது.

மென்பொருள் வெளியீடு குறித்து எழுதுவோர் இந்நிகழ்வைப் பெரும்பாலும் 'செயலி செயலிழந்தது' என்ற ஒற்றைத் தொடரில் கடந்து செல்கின்றனர். அத்தொடர் இருவேறு நிலைகளை ஒன்றாக்கிவிடுகிறது. நிரல் தானே நின்று திரையிலிருந்து மறைவது ஒரு நிலை. தொழிலார் 'கிராஷ்' என்பது அதைத்தான். நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, பயனர் வந்த காரியம் நடவாமல் போவது மற்றொரு நிலை. கடவு எண் வராமல் திரையைப் பார்த்துக் கொண்டிருந்தவரின் கைப்பேசியில் எதுவும் முறியவில்லை. அந்த அமர்வு கணக்கில் 'முறிவற்ற அமர்வு' என்றே பதிவாகும். அன்று முறிவிலா வீதத்தை மட்டும் நோக்கியிருந்த ஒருவர்க்கு, செயலி நலமாக இருப்பதாகவே தோன்றியிருக்கக்கூடும்.

டெக்னோபார்க்கில் நான்கைந்து பேராக இயங்கும் குழுக்களுக்கு இவ்வேறுபாடு முதன்மையானது. இரவு பகலாகக் கண்காணிக்கத் தனி ஆள் அவர்களிடம் இல்லை. ஆகவே எளிதில் கிடைக்கும் ஓர் எண்ணையே நலத்தின் அளவாகக் கொள்ளும் போக்கு அவர்களிடம் வலுவாக உள்ளது. அந்த எண் பயனற்றதன்று. ஆனால் அது எதை எதனால் வகுத்து வந்தது என்று கேட்காமல் அதை இலக்காக்குவது பிழை.

ஒரு செயலியை நாள்தோறும் 600 பேர், ஆளுக்கு மும்முறை திறப்பதாகக் கொள்வோம். மொத்தம் 1,800 அமர்வுகள். அவற்றுள் ஒன்பது முறிவில் முடிகின்றன. அமர்வுகளால் வகுத்தால் முறிவிலா வீதம் 99.5 விழுக்காடு. அவ்வொன்பது முறிவுகளும் ஒன்பது வேறு பயனர்களுக்கு நேர்ந்திருந்தால், பயனர்களால் வகுக்கும்போது வீதம் 98.5ஆகக் குறைகிறது. மூவருக்கு மும்மூன்று முறை நேர்ந்திருந்தால் அதுவே 99.5 ஆகிறது. அமர்வு வீதம் ஒன்றாகவே இருக்க, முதலாவது நிலையில் தீங்கு பலரிடம் பரவியிருக்கிறது; இரண்டாவதில் மூவர்க்குச் செயலி அறவே பயன்படவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டாவது பெரும்பாலும் குறிப்பிட்ட கைப்பேசி வகையையோ ஆண்ட்ராய்டு பதிப்பையோ சார்ந்திருக்கும். அவ்வகையில் பிரித்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

கூகிள் பிளே தன் எல்லையைப் பயனர் அடிப்படையில்தான் வகுத்திருக்கிறது. நாளொன்றில் செயலியைப் பயன்படுத்துவோருள் 1.09 விழுக்காட்டினர்க்கு மேல், அவர்கள் உணரும்படியான முறிவைச் சந்தித்தால், கடையில் அச்செயலி கண்ணில் படும் வாய்ப்புக் குறையலாம். திரை உறைந்து நிற்கும் நிலைக்கு எல்லை இன்னும் கடுமை: 0.47 விழுக்காடு. சிறு குழுவுக்கு இவை தொடக்க இலக்காகப் போதும். சந்தையில் பேசப்படும் 99.9 என்னும் எண்ணை முதல் மாதத்திலேயே சுவரில் எழுதி வைப்பதில் பொருளில்லை. 600 பயனர்களிடம் அது நாளொன்றுக்கு ஒருவர்க்குக்கூட முறிவு நேரலாகாது என்பதாகும்; அவ்விலக்கு நாள்தோறும் தவறும், பின்னர் ஒருவரும் அதைப் பார்க்கமாட்டார்.

சிறிய எண்ணிக்கையின் இடர் வேறொரு பக்கத்திலும் உண்டு. புதிய பதிப்பை முதலில் பத்து விழுக்காட்டினர்க்கு மட்டும் வழங்கும் வழக்கம் பலரும் அறிந்தது. மேற்சொன்ன செயலியில் அது 60 பேர், நாளுக்கு 180 அமர்வுகள். முதல் நாளில் ஒரு முறிவும் இல்லையெனில் குழு மகிழ்கிறது. ஆனால், n அமர்வுகளில் ஒன்றுகூடத் தவறாதபோது உண்மை வீதம் ஏறத்தாழ 3/n வரை இருக்கக்கூடும் என்பது புள்ளியியலார் 95 விழுக்காட்டு நம்பகத்துடன் கூறும் விதி. 180 அமர்வுகளின் தூய்மை, முறிவு 1.7 விழுக்காட்டைத் தாண்டாது என்பதற்கு மட்டுமே சான்று. 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் எனச் சொல்ல 600 அமர்வுகள் வேண்டும். அதாவது நான்காம் நாள்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரே பயனரின் அமர்வுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே. 'முதல் நாள் நன்றாக இருந்தது' என்று வெளியீட்டை முழுமைப்படுத்துவது சான்றில்லாத முடிவு.

அளவியிலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. கிராஷ்லிட்டிக்ஸ் போன்ற கருவிகள், முறிவு நேர்ந்த கணத்தில் அதைக் கைப்பேசியிலேயே எழுதி வைத்து, பொதுவாகச் செயலி மறுமுறை திறக்கப்படும்போது அனுப்புகின்றன. முறிந்ததும் சினந்து அங்கேயே செயலியை நீக்கிவிடுபவரின் அறிக்கை வந்து சேர்வதில்லை. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர் கணக்கிலிருந்தே விடுபடுகிறார். மறுநாள் வீதம் சற்று உயர்ந்துகூடத் தோன்றும். பிளே கன்சோலின் எண்கள் இயங்குதளத்திலிருந்து வருவதால் இக்குறை அவற்றுக்கு இல்லை. ஆயினும் தரவைப் பகிர இசைந்தவர்களை மட்டுமே அவை எண்ணுகின்றன. பயனர் மிகக் குறைவாயின் எண்ணைக் காட்டுவதுமில்லை. வீதம் உயரும் அதே நாளில் நீக்கங்களும் உயர்ந்தால், அந்த உயர்வை நம்பலாகாது.

பெவ்க்யூ போன்ற செயலிக்கு முறிவிலா வீதத்தின் அருகில் வைத்திருக்க வேண்டிய எண் யாது? கடவு எண் கேட்டவர்களுள் எத்தனை பேர் 60 நொடிக்குள் அதைச் சரியாக உள்ளிட்டனர் என்பதே. இதற்குப் புதிய கருவி வேண்டியதில்லை. சேவையகத்தில் 'கேட்டார்', 'உள்ளிட்டார்' என்ற இரு வரிகளை நேரத்துடன் பதிந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வகுத்தால் போதும். குறுஞ்செய்தி நிறுவனம் தரும் 'அனுப்பப்பட்டது' என்ற குறிப்பை இங்கே எண்ணலாகாது; அனுப்பியதற்கும் பயனர் கையில் சேர்ந்ததற்கும் இடையில்தான் நெரிசல் நேர்கிறது. இவ்விலக்குடன் ஒரு செயலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்: வீதம் 90க்குக் கீழ் இருமுறை தொடர்ந்து விழுந்தால், புதிய கோரிக்கைகள் இரண்டாம் குறுஞ்செய்தி நிறுவனத்துக்குத் திருப்பப்படும், அதைச் செய்யும் பொறுப்பு அன்றைய முறைக்காரரின் பெயரில் இருக்கும். ஐந்து பேர் கொண்ட குழுவில் பெயர் குறிக்கப்படாத எச்சரிக்கையை ஐவரும் படிப்பர். ஐவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பர்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மாநிலம் முழுவதும் ஒரே காலையில் கடை திறக்கையில், பத்து விழுக்காடு, நான்கு நாள் பொறுப்பு என்பனவெல்லாம் எங்ஙனம் இயலும்? மறுப்பு நியாயமானதே. ஆனால் படிப்படியாக வழங்கும் வசதி ஏற்கெனவே வெளியான செயலியின் புதுப்பிப்புகளுக்கே உரியது, முதல் வெளியீட்டுக்கு அன்று. ஆகவே அங்கே படிகளைக் கடையின் வழியாக அன்றி ஊரின் வழியாகவே அமைத்திருக்க முடியும். கேரளத்தில் 14 மாவட்டங்கள். ஒரு மாவட்டத்தில் முதல் நாள் பதிவைத் திறந்து, கடவு எண் வீதத்தைப் பார்த்த பின்னரே அடுத்ததைத் திறப்பது என்பது நிரலாளர் எடுக்கும் முடிவன்று, அமைச்சகம் எடுக்க வேண்டிய முடிவு; அங்கே போய் வாதிட, குழுவின் கையில் அந்த ஓர் எண் இருந்திருக்க வேண்டும்.