சின்ன மாடலா, பெரிய மாடலா? கேள்வியைப் பிரித்தால் விடை கிடைக்கும்

கேள்வி: எங்கள் உழவர் குழுவில் 300 பேர் இருக்கிறோம். நெல், கீரை, கொத்தமல்லி, மல்லிகை, கத்தரி சாகுபடி. உறுப்பினர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும் சாட்பாட் ஒன்று வைக்க நினைக்கிறோம். செய்து தர முன்வந்த அம்பத்தூர் கம்பெனிக்காரர், சின்ன மாடல் என்றால் செலவு மிகக் குறைவு, பெரிய மாடல் என்றால் அதைப்போல் பல மடங்கு ஆகும் என்கிறார். எதை எடுப்பது?
– ஒரு வாசகர், திருமழிசை

பதில்: மாடல் என்பது சாட்பாட்டுக்குள் இருந்து கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் எழுதும் மென்பொருள். ஏராளமான எழுத்தைப் படிக்க வைத்துத்தான் அதை உருவாக்குகிறார்கள். அளவில் பெரிய மாடல், சுற்றி வளைத்துப் பேசினாலும், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டாலும் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். சின்ன மாடல் வேகமானது, மலிவானது. நேரான கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்லும், கேள்வி கொஞ்சம் வளைந்தால் தடுமாறும். ஆகவே விலையைப் பார்க்கும் முன், உறுப்பினர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

குழுவின் வாட்ஸ்அப்பில் கடந்த இரண்டு மாதத்தில் வந்த கேள்விகளை எடுத்துப் பார்த்தால் அவை மூன்று வகையில் அடங்கிவிடும்.

முதல் வகை, விடை ஏற்கெனவே எங்கோ எழுதி வைக்கப்பட்டுள்ள கேள்வி. சொட்டுநீர் மானியத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், பி.எம். கிசான் பணத்துக்கு இ-கே.ஒய்.சி. எப்படி முடிப்பது என்பவை இதில் சேரும். இங்கே மாடல் புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை. குழு எழுதிக் கொடுத்த குறிப்பிலிருந்து சரியான பத்தியை எடுத்துச் சொன்னால் போதும். இதற்குச் சின்ன மாடல் தாராளமாகப் போதும்.

மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய ‘கிசான் இ-மித்ரா’ சாட்பாட் இதற்கு நல்ல உதாரணம். எல்லா விவசாயக் கேள்விக்கும் பதில் என்று அது தொடங்கவில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் என்ற ஒரே திட்டத்தோடு தொடங்கி, பிறகுதான் மற்ற திட்டங்களைச் சேர்த்தார்கள். தமிழ் உட்பட 11 மொழிகளில் நாளொன்றுக்கு 20,000க்கு மேற்பட்ட கேள்விகளுக்கு அது பதில் தருவதாக அரசு சொல்கிறது. வேலையைக் குறுக்கி வைத்தால் கூட்டத்தைச் சமாளிப்பது எளிது.

ஒன்றை மறக்கக் கூடாது. ‘என் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியதா?’ என்ற கேள்விக்கு எவ்வளவு பெரிய மாடலாலும் தானாகப் பதில் சொல்ல முடியாது. அது பதிவேட்டைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டிய தகவல். கோயம்பேட்டில் இன்றைக்குக் கத்தரி என்ன விலை என்பதும் அப்படித்தான். தகவலை எடுத்து வரும் வழி இல்லாமல் பெரிய மாடலுக்குப் பணம் கட்டினால், கிடைப்பது அழகான தமிழில் ஒரு தப்பான பதில்.

இரண்டாவது வகை, கேள்வியிலேயே குழப்பம் உள்ளது. ‘மல்லியில் பூச்சி, என்ன அடிக்கலாம்?’ என்று ஒருவர் குரல் பதிவு அனுப்புகிறார். பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் மல்லி என்றால் கொத்தமல்லியாகவும் இருக்கலாம், மல்லிகைப் பூவாகவும் இருக்கலாம். மல்லிகைக்கு எழுதிய பரிந்துரையைக் கொத்தமல்லிக்காரருக்குக் கொடுத்துவிட்டால், அவர் மருந்தடித்து நான்காம் நாள் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார். பூவைத் தலையில் வைக்கிறோம், கொத்தமல்லியை ரசத்தில் போடுகிறோம். மருந்தடித்த பின் அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

‘மல்லியில மொட்டுல புழு’ என்று கேட்டிருந்தால், மொட்டு என்ற சொல்லைப் பிடித்து இது மல்லிகை என்று பெரிய மாடல் ஊகிக்க வாய்ப்பு அதிகம். சின்ன மாடல் அதைத் தவறவிடக்கூடும். ஆனால் வெறும் ‘மல்லியில் பூச்சி’ என்றால் இரண்டுமே இருட்டில்தான் தேடும். இதற்கு மருந்து மாடலின் அளவில் இல்லை. ‘கொத்தமல்லியா? மல்லிகையா?’ என்று இரண்டு பட்டன் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும். இப்படி ஒரே பெயரில் குழப்பும் சொற்களை குழுவே பட்டியல் எடுத்துக் கொடுக்கலாம். செலவில்லாத இந்த வேலை, சின்ன மாடலின் தவறுகளில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும்.

மூன்றாவது வகை, தப்பினால் பயிரோ உடம்போ கெடும் கேள்வி. மருந்தின் பெயரும் அளவும் இதில் வரும். லேபிளில் லிட்டருக்கு 2 மில்லி என்றிருந்தால் 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி, 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானுக்கு 32 மில்லி. இந்தப் பெருக்கல் நமக்கு எளிது. ஆனால் மாடல்கள், குறிப்பாகச் சின்னவை, லிட்டரையும் டேங்கையும் ஏக்கரையும் சில சமயம் கலந்துவிடும். ஆகவே அளவை எந்த மாடலும் கணக்குப் போட்டுச் சொல்லக் கூடாது. திருவூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ சரிபார்த்த அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துக் காட்ட வேண்டும். அட்டவணையில் இல்லாததற்கு, ‘அலுவலரைக் கேளுங்கள்’ என்று சொல்லி 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணைக் கொடுக்க வேண்டும். கட்டணமில்லாத அந்த எண்ணில் தமிழில் பேசலாம்.

இனி செலவுக்கு வருவோம். மாடல்களுக்குக் கட்டணம் ‘டோக்கன்’ கணக்கில் போடுகிறார்கள். டோக்கன் என்பது எழுத்தை மாடல் நறுக்கிக்கொள்ளும் துண்டு. ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிகத் துண்டாவது வழக்கம். ஓபன் ஏ.ஐ. நிறுவனம் 2024 மே மாதம் ஜி.பி.டி-4ஓ மாடலை வெளியிட்டபோது காட்டிய உதாரணத்தில், முன்பு 116 துண்டாக இருந்த தமிழ் வாசகம் புதிய முறையில் 35 துண்டாகக் குறைந்தது. அதனால் பழைய மாடலை மலிவு என்று யாராவது காட்டினால், தமிழுக்கு எத்தனை டோக்கன் ஆகிறது என்று கேட்க வேண்டும். விலைப்பட்டியல் இதைச் சொல்லாது.

300 பேர் மாதத்துக்குப் பத்து கேள்வி கேட்டால் 3,000 கேள்வி. ஒவ்வொரு கேள்வியோடும் குறிப்புகளைச் சேர்த்து 2,000 டோக்கன் உள்ளே போகிறது, 300 டோக்கன் பதிலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு உள்ளே 60 லட்சம், வெளியே 9 லட்சம் டோக்கன். 2024 இறுதியில் ஜி.பி.டி-4ஓ மாடலுக்கு 10 லட்சம் டோக்கனுக்கு உள்ளே 2.50 டாலர், வெளியே 10 டாலர். அந்தக் கணக்கில் மாதம் 24 டாலர். அதே நிறுவனத்தின் சின்ன மாடலான 4ஓ மினிக்கு 15 சென்ட்டும் 60 சென்ட்டும்தான். அதில் மாதம் 1.44 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் பெரியது 2,040 ரூபாய், சின்னது 122 ரூபாய்.

மாடல்களும் விலைகளும் மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைய விலையைக் கேட்டு இதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும். வாட்ஸ்அப் கட்டணம், பராமரிப்பு, மாடல் கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். ‘பதினேழு மடங்கு’ என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். 300 பேர் குழுவுக்கு அந்த வித்தியாசம் மாதம் 2,000 ரூபாய்க்குள்தான், தலைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. ஒரே ஒரு தப்பான மருந்தடிப்பு அதைவிட அதிகம் தின்றுவிடும். நாளொன்றுக்கு 20,000 கேள்வி வரும் இடத்திலோ இதே வித்தியாசம் மாதம் நான்கு லட்சத்தை நெருங்கும். அங்கே சின்ன மாடலுக்காக மெனக்கெடுவதில் அர்த்தம் உண்டு.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை வைக்க வேண்டும். பழைய கேள்விகளில் 50 எடுத்து, அவர்கள் கேட்ட பேச்சிலேயே, எழுத்துப்பிழையோடு வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பத்து, குறிப்பில் விடையே இல்லாதவையாக இருக்கட்டும். அந்தப் பத்துக்கும் சரியான பதில் ‘தெரியாது, அலுவலரைக் கேளுங்கள்’ என்பதுதான். ஐம்பதையும் இரண்டு மாடலுக்கும் கொடுத்து, எந்தப் பதில் எதனுடையது என்று தெரியாதபடி தாளில் அச்சிட்டு, அனுபவமுள்ள இரண்டு விவசாயிகளும் ஓர் அலுவலரும் திருத்த வேண்டும்.

திருத்தும்போது தவறுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆவணப் பட்டியலில் ஒரு போட்டோ விட்டுப்போனால் ஒரு நாள் அலைச்சல். தெரியாத மருந்துக்கு அளவு சொன்னால் அது ஆபத்து. சின்ன மாடல் ஐந்து தவறும் பெரிய மாடல் மூன்று தவறும் செய்ததாக வைத்துக்கொள்வோம். சின்னதன் ஐந்தும் அலைச்சல் வகை, பெரியதன் மூன்றில் ஒன்று ஆபத்து வகை என்றால், அந்த வேலைக்குச் சின்னதுதான் மேல். மாடல் பெரிதாக இருப்பதால் அது ‘தெரியாது’ என்று சொல்லப் பழகியிருக்கும் என்று நம்ப முடியாது. தடுமாற்றமில்லாத தமிழில் தவறாகச் சொன்னால் நம்பிவிடவும் தோன்றும்.

திருமழிசைக் குழுவுக்கு ஏற்றது இரண்டையும் கலந்த ஏற்பாடு. மானியம், ஆவணம், கூட்டத் தேதி போன்றவை சின்ன மாடலுக்குப் போகட்டும். பயிர் அறிகுறியை நீளமாக விவரிக்கும் கேள்விகள் மட்டும் பெரிய மாடலுக்குப் போகட்டும். பாதிக் கேள்வி அப்படிப் போனாலும் மாடல் செலவு மாதம் 1,100 ரூபாயைத் தாண்டாது. மருந்தளவு அட்டவணையிலிருந்து வரட்டும். மாதம் ஒருமுறை, வந்த பதில்களில் இருபதை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆள் யார் என்று குழு பெயர் குறித்த பிறகு கம்பெனிக்காரருக்கு முன்பணம் கொடுப்பது நல்லது.