மண்டப வாசலில் நோட்டீஸ் கொடுத்தவன்

கல்யாண மண்டப வாசலில் நின்று, உள்ளே போகிறவர்கள் கையிலெல்லாம் நோட்டீஸ் திணித்துவிட்டு, "இன்றைய கூட்டம் முழுக்க என்னால் வந்தது" என்று ஒருவன் கூலி கேட்டால் கொடுப்பீர்களா? விளம்பரத் தளங்களின் ரிப்போர்ட்டும் அதே ரகம்தான். கிளிக் செய்தவர் வாங்கிவிட்டால் விற்பனை அவர்கள் கணக்கில். அவர் எப்படியும் வாங்கியிருப்பாரா? அந்தக் கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

ஈபே 2012-ல் அதைக் கேட்டது. அமெரிக்காவின் 210 டிவி சந்தைப் பகுதிகளில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் குலுக்கல் மாதிரி எடுத்து, அங்கே மட்டும் கூகுள் தேடல் விளம்பரங்களை நிறுத்தினார்கள். விளம்பரம் ஓடிய ஊர்களில் விற்பனை முன்பைவிட எவ்வளவு மாறியது, நிறுத்திய ஊர்களில் எவ்வளவு மாறியது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விளம்பரத்தின் உண்மையான சம்பாத்தியம்.

அந்த வித்தியாசம் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. வழக்கமான கணக்கில் ஆயிரம் சதவீதத்துக்கு மேல் காட்டிய லாபம், இங்கே மைனஸ் 63 சதவீதம். அதாவது போட்ட ஒரு டாலரில் திரும்பியது 37 சென்ட்!

உடனே 'விளம்பரமே தண்டம்' என்று கிளம்பாதீர்கள். ஈபேயை அதிகம் அறியாத புது ஆட்களிடம் அதே விளம்பரம் வேலை செய்தது. நேற்று திறந்த கடைக்கு விடை வேறாக இருக்கலாம். அந்தக் கடையின் விற்பனை வாரத்துக்கு வாரம் 10 சதவீதம் ஆடுகிறது என்றால், நாலு ஊரை வைத்து 3 சதவீத வித்தியாசத்தைப் பிடிக்கவும் முடியாது. ஊர்களும் வாரங்களும் கூட வேண்டும். நிறுத்திய ஊர்களில் விற்பனை போய்விடுமே என்கிறார்களா? போனால்தானே விளம்பரம் வேலை செய்தது என்று தெரியும்!